கழற்றி மடித்து எடுத்துப் போகிற வீடு

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். அப்படி உரிமம் பெற்ற வீட்டில் ஒரு ஆள் படுக்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2018 அக்டோபரில் விதி வந்தது. நம் கணக்கில் 70 சதுர அடி. அதற்குள் ஒற்றைக் கட்டில், துணி பீரோ, மேஜை, நாற்காலி எல்லாம் வீட்டுக்காரர் போட்டு வைத்திருப்பார். மிச்சம் இருப்பது, கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்துக் கட்டிலில் உட்காருகிற இடம்தான்.

படிக்கவும் வேலைக்கும் போகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் வந்து இறங்குவது இப்படிப்பட்ட அறையில். லெஸ்டர் நகரத்தில் என் அக்கா மகள் பிடித்த அறை இதைவிடக் கொஞ்சம் பெரியது: 3.1 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். நூறு வருஷத்துக்கு மேல் பழசான, தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கிற செங்கல் வீடு. மாடியில் தெருவைப் பார்த்த அறை. வெளிர்மஞ்சள் சுவர், பழுப்புக் கம்பளம், கூரையின் நடுவில் ஒரே ஒரு பல்பு.

வந்த வாரமே போன் பண்ணினாள். “சித்தி, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம். எதையும் ஒட்டவும் கூடாதுன்னு எழுதியிருக்கு. பெயின்ட் அடிக்கிறதப் பத்திப் பேச்சே இல்ல. அப்புறம் என்னத்த பண்றது?”

“சுவத்தை விடு. அது வீட்டுக்காரனோட சுவரு. வெளிச்சத்துல ஆரம்பி, அப்புறம் சன்னல், அப்புறம் தரை. சுவரு கடைசி” என்றேன்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இணையத்தில் காட்டுகிற அறை அலங்காரமெல்லாம் சுவரில்தான் நடக்கிறது, ஏனென்றால் புகைப்படத்தில் விழுவது சுவர். அறையில் இருக்கிற ஆளுக்கு முதலில் உறைப்பது வேறு: சாயங்காலம் எந்த மாதிரி வெளிச்சம், காலில் என்ன படுகிறது, சன்னலுக்கு முன்னால் என்ன தொங்குகிறது. இந்த மூன்றையும் ஆணி இல்லாமல், பசை இல்லாமல் மாற்றலாம். டெபாசிட்டும் பத்திரமாக இருக்கும்.

டெபாசிட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். இங்கிலாந்தில் 2019 ஜூனிலிருந்து ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது (வருஷ வாடகை 50,000 பவுண்டைத் தொட்டால் ஆறு வாரம், நம் கதை அதுவல்ல). மாதம் 650 பவுண்டு வாடகை என்றால் வாரத்துக்கு 150. ஆக 750 பவுண்டு. அதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிய வேண்டும். பிற்பாடு சுவர்க்கறை, கம்பளக்கறை என்று தகராறு வந்தால் அந்தத் திட்டத்தில் இருக்கிற நடுவர், ஆதாரத்தைப் பார்த்து முடிவு சொல்வார். ஆதாரம் என்பது நீங்கள் குடிபுகுந்த அன்று எடுத்த படங்கள். நான்கு சுவர், கம்பளத்தின் ஒவ்வொரு கறை, சன்னல் விளிம்பு, மெத்தை, ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டைகள் என எல்லாவற்றையும் படமெடுத்து, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரருக்கோ ஏஜென்டுக்கோ மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு. வீட்டுக்காரர் குடும்பமும் அதே வீட்டில் இருந்து, ஒரு அறையை மட்டும் உங்களுக்கு விட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. லண்டன் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் தமிழ்க் குடும்பங்களோடு தங்குகிறவர்கள் பலர் இந்த வகை. அங்கே எழுத்தில் ஒரு ரசீதும், சுவரில் எதுவும் ஒட்டாத கையும்தான் காவல்.

இனி வெளிச்சம். லெஸ்டரில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். மூன்று மாதம் அறையில் விழித்திருக்கிற நேரமெல்லாம் பல்பு வெளிச்சம்தான். வீட்டுக்காரர் போட்டிருப்பது பெரும்பாலும் கூரை நடுவில் தொங்குகிற ஒற்றை விளக்கு. வெளிச்சம் நேர் மேலிருந்து மட்டும் விழுந்தால் மூலைகள் இருட்டாகி, இருக்கிற அறையும் சுருங்கித் தெரியும்; மேஜையில் உட்கார்ந்தால் நம் தலை நிழலே புத்தகத்தில் விழும். இன்னும் பெரிய பல்பு போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. விளக்கைக் கீழே இறக்க வேண்டும்: உட்கார்ந்தால் கண் இருக்கிற உயரத்துக்கும் கீழே ஒன்று, சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி மூலையில் ஒன்று. இரண்டுமே பிளக்கில் செருகுகிற விளக்குகள். ஒயரிங்கைத் தொட வேண்டியதில்லை. அங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்துகிற பழைய சாமான் கடைகளில் நல்ல விளக்குகள் கிடைக்கும். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிற பெரிய கடைகளில் மின்சாதனங்களைச் சோதித்த பிறகே விற்பார்கள்.

பல்பு வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அடிப்பாகம். அங்கே நம் ஊர் மாதிரி இரண்டு முளை வைத்து அழுத்தித் திருப்புகிற பி22 வகையும் இருக்கிறது, மறையில் திருகுகிற இ27 வகையும் இருக்கிறது. பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டாவது, நிறம். பெட்டியில் கெல்வின் கணக்கில் போட்டிருக்கும். 2700 என்றால் மஞ்சள், 4000 என்றால் நடுத்தர வெள்ளை, 6500 என்றால் நம் வீட்டு டியூப்லைட் வெள்ளை.

இந்த இடத்தில் எனக்கும் அலங்காரப் பத்திரிகைகளுக்கும் ஒத்துவராது. எல்லாமே மஞ்சளாக இருந்தால்தான் வீட்டு உணர்வு என்று அவை ஒரே பாட்டாகப் பாடுகின்றன. டியூப்லைட்டின் கீழே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த நமக்கு மஞ்சள் வெளிச்சம் என்றால் லோ வோல்டேஜ் ஞாபகம்தான் வருகிறது. என் அக்கா மகளும் முதல் நாள், “சித்தி, கரண்டு கம்மியா வர்ற மாதிரியே இருக்கு” என்றாள். அதனால் கூரை விளக்குக்கு 4000 கெல்வினில் 806 லூமன் பல்பு (பழைய 60 வாட் குண்டு பல்புக்குச் சமம்) போட்டோம். படிக்க, புடவை மடிக்க, பெட்டி குடைய அது. மூலை விளக்குக்கும் மேஜை விளக்குக்கும் 2700 கெல்வினில் 470 லூமன். ஏழு மணிக்கு மேல் கூரை விளக்கை அணைத்துவிட்டு இவை இரண்டையும் மட்டும் போட்டால், அதே அறை வேறு அறையாகிவிடுகிறது. கழற்றிய பழைய பல்பை அட்டைப்பெட்டியில் சுற்றிப் பீரோவின் மேல் வைத்தாள். காலி பண்ணும்போது அது திரும்ப ஏற வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. ஊரிலிருந்து சீரியல் லைட் கொண்டுபோய் அடாப்டரில் செருகாதீர்கள். பிரிட்டிஷ் பிளக்குக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கும். அந்த ஒயருக்குத் தக்க ஃப்யூஸ்தான் முதல் பாதுகாப்பு, அடாப்டர் வழியே போனால் அது கிடைக்காது. போன் சார்ஜரில் செருகுகிற யு.எஸ்.பி. சரவிளக்கு அங்கேயே சல்லிசாகக் கிடைக்கிறது.

அடுத்தது சன்னல். சின்ன அறையில் ஆளின் பார்வை அதிகம் விழுகிற பரப்பு இதுதான். ஆணியோ பசையோ இல்லாமல் முழுசாக மாற்றக்கூடிய ஒரே பெரிய பரப்பும் இதுதான், ஏனென்றால் திரைக் கம்பி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வீட்டுக்காரரின் திரையைக் கழற்றி, தூசி தட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். அந்த இடத்தில் என்ன மாட்டுவது?

ஒரு பருத்திச் சேலை. வெட்டாமல், தைக்காமல்.

கணக்கைப் பாருங்கள். ஆறு கஜச் சேலை ஏறக்குறைய 5.5 மீட்டர் நீளம். அகலம் 45 அங்குலத்திலிருந்து 48 அங்குலம், அதாவது 1.15 முதல் 1.2 மீட்டர். அவள் அறைத் திரைக் கம்பி 1.5 மீட்டர் நீளம். கம்பியிலிருந்து சன்னல் அடிப்பலகை வரை 1.1 மீட்டர். சேலையை முந்தானையும் உள்தலைப்பும் சேருகிற மாதிரி பாதியாக மடித்தால் 2.75 மீட்டர் நீளத்தில் இரட்டைத் துணி கிடைக்கும். அதைப் படுக்கவாட்டில் பிடித்து, மேல் கரையைக் கம்பியில் மாட்டினால் சேலையின் அகலமே திரையின் உயரம். திரைத் துணி கம்பியைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அகலம் இருந்தால்தான் மூடியிருக்கும்போதும் கொசுவம் விழும் என்பது தையல்காரர்கள் கணக்கு. 2.75ஐ 1.5ஆல் வகுத்தால் ஒன்று எண்பத்து மூன்று. சரியாக வந்து உட்காருகிறது. கரை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அறையின் குறுக்கே ஓடும்.

மாட்டுவதற்குத் தேவை, கம்பியில் கோர்க்கிற வளையத்தோடு வரும் கிளிப்புகள். 14 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் இருபது, இருபத்தொன்று வேண்டும். கம்பியின் கனத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். உள்வட்டம் சின்னதாகப் போனால் கம்பியில் ஓடாது, ஒவ்வொரு தடவையும் இழுத்துத் திரையைக் கிழிக்க வேண்டியதுதான். வாயில் பிளாஸ்டிக் பூசிய கிளிப்பாக இருக்கட்டும். வெறும் இரும்புக் கிளிப் குளிர்கால ஈரத்தில் துருப்பிடித்துக் கரையில் பழுப்புப் பொட்டு வைத்துவிடும். நைந்த பழைய சேலை என்றால் மேல் விளிம்பை இரண்டு விரல் அகலம் மடித்து, மடிப்பில் கிளிப் போட வேண்டும். ஒற்றையாகப் போட்டால் கடித்த இடத்தில் பிரியும்.

இந்தத் திரை நடுவில் பிரியாது, ஒரு பக்கமாகத்தான் ஒதுங்கும். அது ஒரு குறை. இன்னொன்று, கோடையில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், பருத்திச் சேலை அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: சேலையின் இரண்டு மடிப்புக்கும் நடுவில் கறுப்புப் படுக்கை விரிப்பு ஒன்றை அதே அளவுக்கு மடித்து நுழைத்து, மூன்றையும் சேர்த்துக் கிளிப்பில் பிடித்துவிட்டாள். குளிர்காலத்துக்கும் அது உதவியது.

பட்டுச்சேலை வேண்டாம். வெயிலில் நிறம் போகும், ஈரத்தில் சரிகை கறுக்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கி மாதிரி கனமான பருத்தி, கட்டம் போட்டது, இதற்கென்றே பிறந்தது. அவள் மாட்டியது என் அக்கா பல வருஷம் கட்டிப் பழசான அரக்கு நிறக் கண்டாங்கி. பெட்டியில் வைத்தபோது, “இதப் போய் அங்க எதுக்குடி தூக்கிட்டுப் போற?” என்று அம்மாக்காரி கேட்டிருக்கிறாள். வீடியோவில் பார்த்த பிறகு இன்னொரு சேலை அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அடிப்பலகையோடு திரை நின்றுவிடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. இங்கிலாந்து வீடுகளில் வெந்நீர் ஓடுகிற இரும்பு ரேடியேட்டரைப் பெரும்பாலும் சன்னலுக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள். தரை வரை திரை தொங்கினால் சூடெல்லாம் திரைக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடி வழியே வெளியே போய்விடும். அறை குளிர்ந்தே கிடக்கும். காசு கொடுத்து வாங்குகிற நீளத் திரையைவிடச் சேலை அகலம் இங்கே பொருத்தம்.

இப்போது பூஞ்சணம். துணியால் அலங்கரிக்கிற யாரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது. குளிர்காலத்தில் மூடிய அறையில் ஒரு ஆள் விடுகிற மூச்சு, காயப்போட்ட துணி, தேநீர்க் கெட்டில் எல்லாவற்றின் ஈரமும் அறையின் மிகக் குளிர்ந்த பரப்பில் போய் நீராக இறங்கும். முதலில் கண்ணாடி, அடுத்து வெளிச்சுவர். அந்த வெளிச்சுவருக்கு மேல் துணியோ படமோ தொங்கவிட்டால் அறைச் சூடு சுவரைத் தொடாது, காற்றும் போகாது. சுவர் இன்னும் குளிரும். சில வாரத்தில் துணிக்குப் பின்னால் கரும்புள்ளி கிளம்பும். படத்தை எடுத்தால்தான் தெரியும், அதற்குள் பெயின்டும் போயிருக்கும், டெபாசிட்டும் பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கும்.

எந்தச் சுவர் வெளிச்சுவர்? காலையில் எழுந்ததும் உள்ளங்கையை ஒவ்வொரு சுவரிலும் வைத்துப் பாருங்கள், சுவரே சொல்லும். வரிசை வீட்டில் முன்சுவரும் பின்சுவரும்தான் வெளிக்காற்றைத் தொடுகின்றன. பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆகத் தொங்குகிற எதுவும் பக்கச் சுவருக்கு. (பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறை என்றால் பக்கச் சுவரும் வெளிச்சுவராக இருக்கலாம், கை வைத்தே முடிவு பண்ணுங்கள்.) பீரோவை வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். காலையில் திரையை ஒதுக்கிக் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். சன்னல் சட்டத்தின் தலையில் ஒல்லியாக ஒரு காற்றுத் துளை இருக்கும். குளிர் வருகிறதே என்று அதில் காகிதம் அடைக்கிறவர்கள் நிறையப் பேர். அதைத் திறந்தே வையுங்கள். அப்படியும் புள்ளி வந்தால் படத்தோடு உடனே எழுத்தில் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். சும்மா இருந்தால் பழி குடியிருந்தவர் தலையில் விழும்.

தரைக்கு நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரரின் கம்பளம் பார்க்கவும் சகிக்காது, கறைபட்டால் காசும் கேட்பார்கள். அதன் மேல் பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் இரண்டுக்கும் வழி பிறக்கும். மடித்தால் தலையணை அளவு. கட்டிலுக்கும் மேஜைக்கும் இடையில் கிடக்கிற அந்த நீளத் துண்டு இடத்துக்கு அகலம் குறைந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டால் நாற்காலி துணி போடுகிற இடமாகிவிடும். ஒன்றே ஒன்றில் கவனம்: புது ஜமக்காளம் சாயம் விடும். தண்ணீர் தெளிந்து வருகிற வரை தனியாக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே விரிக்க வேண்டும். ஈரத்தோடு விரித்தால் சிவப்புக் கோடு கம்பளத்தில் இறங்கிவிடும், அதை எந்த நடுவரும் தேய்மானம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். கம்பளத்தின் மேல் துணி நழுவும் என்பதால் அடியில் போட வலை மாதிரி ஒரு விரிப்பு விற்கிறார்கள், அதையும் வாங்கிவிடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அந்த ஊர் ஈரத்துக்கு அது தாங்காது.

இப்போது சுவருக்கு வரலாம். பழைய இங்கிலாந்து வீடு என்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள். கூரைக்கு ஓரடி, ஒன்றரையடி கீழே அறையைச் சுற்றி ஒரு மரப்பட்டை ஓடுகிறதா? விக்டோரியா ராணி காலத்து வீடுகளில் படம் மாட்டுவதற்கென்றே வைத்த பட்டை அது. எஸ் எழுத்து வடிவத்தில் பித்தளைக் கொக்கி விற்கிறது; பட்டையின் மேல் விளிம்பில் மாட்டி, மீன்பிடி நரம்பில் படத்தைத் தொங்கவிடலாம். ஓட்டையும் இல்லை, பசையும் இல்லை, காலி பண்ணும்போது ஒரு நிமிஷ வேலை. வீட்டுக்காரருக்கே அந்தப் பட்டை எதற்கு என்று தெரியாமல் இருக்கலாம். பெயின்ட் அப்பி அப்பி மேல் விளிம்பு மூடிப் போயிருந்தால் கொக்கி நிற்காது. லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுப் படத்தை மாட்டுங்கள்.

பட்டை இல்லாத அறையில், இழுத்தால் கழன்று வருகிற கமாண்ட் வகை ஒட்டுப்பட்டைகள் இருக்கின்றன. இவற்றை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் முறைப்படி ஒட்டுவதில்லை என்பது என் கணிப்பு. ஒட்டுவதற்கு முன்னால் சுவரைச் சோதியுங்கள்: ஈர விரலால் ஒரு மூலையில் தேயுங்கள். விரலில் மாவு மாதிரி நிறம் வந்தால் அது வாடகை வீட்டுக்கென்று தண்ணீர் கலந்து அடித்த மட்ட பெயின்ட். பட்டை கழலும்போது பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும். அங்கே ஒட்டவே ஒட்டாதீர்கள். சுவரில் காகிதம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகாத சுவரும் கூடாது.

நல்ல சுவர் என்றால் மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். சோப்புத் தண்ணீர் போட்டால் வழவழப்பு மிச்சமிருக்கும். பட்டையைச் சட்டத்தில் ஒட்டி, சுவரில் வைத்து முப்பது வினாடி அழுத்த வேண்டும். பிறகு சட்டத்தை மட்டும் கீழிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்து, சுவரில் நிற்கிற பட்டையை இன்னொரு முப்பது வினாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் படத்தைத் திரும்ப மாட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை விழுங்குகிறவர்கள் வீட்டில்தான் நடுராத்திரி படம் விழுகிறது. கண்ணாடி போட்ட எதையும் தலைமாட்டில் மாட்ட வேண்டாம். கழற்றும்போது அடி வாலைப் பிடித்துச் சுவரோடு சுவராக நேர் கீழே இழுக்க வேண்டும். ரப்பர் மாதிரி ஓரடிக்கு நீண்டு தானே விட்டுவிடும். நம் பக்கமாக இழுத்தால் பெயின்ட் வந்துவிடும். நீலநிறக் களிமண் பசை சுவரில் எண்ணெய்ப் பொட்டு வைக்கும். ஒப்பந்தத்தில் அதைத் தடுப்பதற்குக் காரணம் அதுதான்.

கதவுக்கு ஒரு வார்த்தை. கதவின் தலையில் மாட்டுகிற கொக்கி வரிசை சின்ன அறைக்கு வரப்பிரசாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். பகிர்ந்து இருக்கிற வீட்டில் முதலில் கதவைப் பாருங்கள். கனமாக இருந்து, விட்டால் தானே மூடிக்கொண்டு, விளிம்பில் ஒல்லியாக ஒரு பட்டை பதித்திருந்தால் அது தீத்தடுப்புக் கதவு. சூடு பட்டால் அந்தப் பட்டை உப்பி இடைவெளியை அடைத்து, அரை மணி நேரம் நெருப்பைத் தடுத்து நிறுத்தும். கொக்கி மாட்டினால் கதவு முழுசாக மூடாது, பட்டையும் நசுங்கும். நடைவழியில் செருப்பு ஸ்டாண்டு, கோலப்பலகை, செடி எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். தீப்பிடித்தால் ஆறு பேரும் ஓடி வருகிற வழி அது.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றினால் புகை கண்டுபிடிப்பான் கத்தும். இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள்; ஒன்று கத்தினால் வீடு முழுக்கக் கத்தும், இரவு வேலை முடித்துத் தூங்குகிற பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். கருவியை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு சாம்பிராணி போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். உயிரோடு விளையாடுகிற காரியம். திரியும் நெருப்பும் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அக்கா மகள், இழுப்பறைப் பெட்டியின் மேல் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சாமிப் படம், திருநீறு, ஊரிலிருந்து கொண்டுபோன காமாட்சி விளக்கு, பேட்டரி அகல் இரண்டு வைத்திருக்கிறாள். படத்தைச் சுவரில் சாய்த்திருக்கிறாள், அவ்வளவுதான். 2700 கெல்வின் மேஜை விளக்கு பக்கத்திலேயே இருப்பதால் துலக்கிய பித்தளையில் அந்த வெளிச்சம் விழுந்து திரி எரிகிற மாதிரியே இருக்கிறது. வாசனைக்கு, உறை பிரித்த சந்தன சோப்பு ஒன்று பீரோவில் துணிக்கு நடுவே. லெஸ்டரில் பெல்கிரேவ் ரோடு இந்தியக் கடைகளில் அதுவும் கிடைக்கிறது.

இனி காலி பண்ணுகிற கணக்கு. இங்கிலாந்தில் வாடகைச் சட்டம் மாறி, 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீட்டில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஆளைக் கட்டிப்போடுகிற ஒப்பந்தம் கிடையாது; இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துக் குடியிருப்பவர் கிளம்பலாம். வேலை மாறினால் ஊர் மாறுகிற வயசில் இது நல்லதுதான். ஆனால் சேர்க்கிற சாமானுக்கு அது ஒரு வரம்பு போடுகிறது. அவளுக்கு நான் சொன்ன வரம்பு, தங்குகிற காலத்துக்கென்று வாங்குகிற அலங்காரச் சாமான் மொத்தமும் இகியா கடையின் பெரிய நீலப் பை ஒன்றில் அடங்க வேண்டும் என்பது. அதன் கொள்ளளவு 71 லிட்டர். சேலைத் திரை, கறுப்பு விரிப்பு, ஜமக்காளம், கிளிப் வளையங்கள், தாம்பாளம், படங்கள், மேஜை விளக்கு எல்லாம் அதில் போய்விடுகின்றன. மூலை விளக்கு மட்டும் நிற்காது. அதை வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுத்துவிடலாம், அல்லது அடுத்து வருகிற ஆளிடம் விட்டுவிடலாம்.

கழற்றுகிற வரிசை, மாட்டிய வரிசைக்கு நேர் எதிர். முதலில் சுவர், பட்டை உரித்துப் பெயின்ட் வந்தால் வீட்டுக்காரரிடம் நிறத்தின் பெயரைக் கேட்டுத் தொட்டு வைக்க ஒரு வாரம் கையில் இருக்க வேண்டும். அடுத்து ஜமக்காளம், அதை எடுத்ததும் கம்பளத்தில் வெளுத்த இடமும் வெளுக்காத இடமும் தெரியும், அது தேய்மானக் கணக்கு, பயப்பட வேண்டாம். பிறகு வீட்டுக்காரரின் திரை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஒரு தடவை துவைத்துக் கம்பிக்குப் போக வேண்டும். கடைசியில் பல்பு. அதன் பிறகு குடிபுகுந்த அன்று எடுத்த அதே கோணங்களில் மறுபடி படங்கள் எடுத்து, அதே மின்னஞ்சல் தொடரில் அனுப்பிவிட்டு, சாவியைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.